விளக்குப் பையனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? ஒரு வாசகர் கடிதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சிறுவர் நூல்களைப் பதிப்பிக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்குக் குன்னூரில் உள்ள என் வீட்டிலிருந்தபடியே பிரதி திருத்திக் கொடுப்பது என் தொழில். நான் திருத்திய ஒரு மாயப் புதினத்தைப் படித்துவிட்டு, நீலகிரியைச் சேர்ந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதன் ஆசிரியருக்கு எழுதிய கடிதமும், அதற்குப் பதில் எழுத நாங்கள் பட்ட பாடும் இங்கே பதிவாகின்றன. சிறுமியும் அவளுடைய பெற்றோரும் கடிதத்தின் பகுதிகளை எடுத்தாள இசைந்துள்ளனர். பெயர்களை யாரும் விரும்பவில்லை என்பதால் எவர் பெயரும் இதில் இல்லை. புதினத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். அதன் பிழையில் பாதி என்னுடையது என்பது போகப் போகத் தெரியும்.

கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலையூர் ஒன்றை நோக்கிக் கணவாய் வழியே ஒரு மூடுபனி ஏறி வருகிறது. அது யாரை மூடுகிறதோ அவருக்குத் தம் வீட்டுக்குப் போகும் வழி மறந்துவிடும். உயிருள்ள ஒரு கை திரியைத் தூண்டிவிட எரிகின்ற விளக்கை மட்டும் அதனால் கடக்க முடியாது. நாயகியும் அவளுடைய கூட்டாளிகளும் மூடுபனி பிறக்கும் சுனையைத் தேடிப் புறப்படுகிறார்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில், கணவாயின் உச்சியில் ஒரு பையனை விளக்கோடு நிறுத்தி, “நாங்கள் திரும்பி வரும் வரை இது அணையக் கூடாது” என்று சொல்லிவிட்டு அப்பால் இறங்கிப் போகிறார்கள். அவனுக்குப் பெயர் கிடையாது. புத்தகம் முழுவதிலும் அவன் பேசுவது, “சரி அக்கா” என்ற இரண்டே சொற்கள்தான். சுனை மூடப்படுகிறது. திரும்பும் வழியில் தொங்குபாலம் அறுந்துவிடுவதால் அவர்கள் கணவாய்க்கு வராமல் ஆற்றுவழியே ஊர் சேர்கிறார்கள். முப்பதாம் அத்தியாயத்தில் ஊரே கூடி விருந்துண்கிறது.

கடிதம்

கடிதம் நீலநிற உள்நாட்டு அஞ்சல் தாளில், நவம்பர் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாளில் எழுதப்பட்டிருந்தது. பதிப்பக முகவரிக்குச் சென்னை போய், அங்கிருந்து மீண்டும் மலையேறி, கோத்தகிரியில் வசிக்கும் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. இரண்டரை ரூபாய்த் தாளில் எழுத இடம் குறைவு என்பதால் பிள்ளைகள் பொதுவாகப் பாராட்டு ஒன்று, கேள்வி ஒன்று என்று நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பிள்ளை பாராட்டுக்கு ஒரு வரி மட்டும் ஒதுக்கிவிட்டு, ஒட்டுவதற்காக மடிக்கும் ஓரம் வரை கணக்குப் போட்டிருந்தாள். முக்கியமான பகுதி இது:

“விளக்குப் பையனுக்கு ஒரு படி எண்ணெய் கொடுத்தார்கள். ஒரு ஆழாக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வரும் என்று 7ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று எங்கள் பாட்டி சொன்னார்கள். அப்படியென்றால் எட்டு நாள்தான் வரும். அவர்கள் போனது அமாவாசை அன்று. திரும்பி வந்தது பௌர்ணமி முடிந்து நாலாவது நாள். மொத்தம் 19 நாள். மீதி 11 நாளுக்கு எண்ணெய் யார் கொடுத்தார்கள்? எண்ணெய் இல்லாமல் விளக்கு அணைந்தது என்றால் பனி ஊருக்குள் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை என்று ஆட்டுக்காரப் பாட்டி சொல்கிறார். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சாப்பிடும்போது மேலே கணவாயில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிகிறது, விண்மீன் என்று நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது விண்மீன் இல்லை. அது அவன்தான். எல்லோரும் கீழே சாப்பிடுகிறார்கள், அவன் இன்னும் மேலே நிற்கிறான். பனி செத்துப்போய்விட்டது என்று அவனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? அதற்குப் பிறகு அவனுக்கு என்ன ஆனது? எனக்குப் புதுக் கதை வேண்டாம், நடந்தது வேண்டும்.”

ஆசிரியர் இதைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டினார். படித்து முடித்த பிறகு இருவருமே சிறிது நேரம் பேசவில்லை. அந்தப் பையனை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம்.

கேள்வியின் தன்மை

சிறு பாத்திரத்தின் பின்கதையைக் கேட்டு வரும் கடிதங்கள் புதியவை அல்ல. அவற்றில் பெரும்பாலானவை பாசத்திலிருந்து பிறப்பவை: நாய்க்குட்டி என்ன ஆயிற்று, அந்த அண்ணனுக்குத் திருமணம் ஆயிற்றா என்பன போன்றவை. அவற்றுக்கு எந்த விடை சொன்னாலும் கதைக்குள் எதுவும் குலைவதில்லை. இந்தக் கடிதமும் அந்த வகைதான் என்று முதலில் எண்ணினேன். மறுமுறை படித்தபோதுதான், அவள் கேட்பது பையனுடைய எதிர்காலத்தை அல்ல, ஏற்கெனவே முடிந்துபோன பத்தொன்பது நாட்களை என்பது விளங்கியது. மாயக் கதையில் எதுவும் நடக்கலாம் என்பது படிக்காதவர்களின் எண்ணம். அங்கே ஆசிரியர் விதித்த விதியைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது என்பதால், அந்த விதியில் ஓர் ஓட்டை விழுந்தால் எதார்த்தக் கதையில் விழுவதைவிடப் பெரிதாகத் தெரியும். விளக்கு எரிந்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஏழாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, எட்டு நாள் எண்ணெயை மட்டும் கொடுத்து, ஊர் பிழைத்தது என்று முடித்தால், இடையில் சொல்லப்படாத ஒரு நிகழ்ச்சி கட்டாயம் நடந்திருக்க வேண்டும். சிறுமி கேட்டது அந்த நிகழ்ச்சியைத்தான்.

அவளுடைய கணக்கைச் சரிபார்க்க என் கோப்பை எடுத்தேன். புதினம் திருத்தும்போது எந்த அத்தியாயம் எந்த நாளில் நடக்கிறது என்று ஓர் அட்டவணை எழுதி வைப்பது என் வழக்கம். அதில் பயணம் பதினேழு நாள் என்றிருந்தது. நான் அத்தியாயங்களில் வரும் விடியல்களை எண்ணியிருந்தேன். சிறுமி நிலவை எண்ணியிருந்தாள். ஆற்றுப் பயணத்தில் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு இரவுகள் சொல்லாமலே கழிகின்றன. அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குப் பதினைந்து, அதன்மேல் நான்கு என்ற அவளுடைய கணக்கே சரி.

ஒரு தடையையும் அவளே முன்கூட்டி அடைத்திருந்தாள். சுனை மூடப்பட்டதும் பனி விலகியிருக்கும், அதைப் பார்த்துப் பையன் தானே இறங்கி வந்திருப்பான் என்று ஆசிரியருக்குத் தோன்றியது. கடிதத்தின் மடிப்போரத்தில் இதற்கு விடை இருந்தது: “எங்கள் ஊரில் பனி தினமும் போகும், தினமும் வரும். போய்விட்டது என்று யாரும் நம்ப மாட்டோம்.” நீலகிரியின் கிழக்குச் சரிவில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாழ்கிறவர்களுக்கு இது விளக்கவே தேவையில்லாத உண்மை. காலையில் மேட்டுப்பாளையம் வரை தெளிவாகத் தெரியும் பள்ளத்தாக்கு, மதியத்துக்குள் கையெட்டும் தொலைவில் வெள்ளைச் சுவராகிவிடும். நான்கு நாள் தெளிவாக இருந்தது என்பதற்காக, அணையக் கூடாது என்று ஒப்படைக்கப்பட்ட விளக்கை எந்த மலைப் பிள்ளையும் அணைக்காது. இதே அனுபவம் வேறொன்றையும் உறுதி செய்கிறது. பனி இருந்திருந்தால் கணவாயின் வெளிச்சம் ஊருக்குத் தெரிந்தே இருக்காது. அது தெரிந்த அந்த இரவில் பனி இல்லை, விளக்கு இருந்தது, அதைத் தூண்டிவிட ஒரு கையும் இருந்தது.

எங்கே தவறியது

பழைய பிரதிகளைத் தேடியபோது காரணம் கிடைத்தது. முதல் பிரதியில் முப்பத்தொரு அத்தியாயங்கள் இருந்தன. இருபத்தெட்டாவது அத்தியாயத்தில் ஆட்டுக்காரக் கிழவி எண்ணெயோடு கணவாய்க்கு ஏறி, பையனைத் தூங்கச் சொல்லிவிட்டுத் தானே விளக்கருகே உட்காருகிறாள். ஆற்றுவழியே வந்தவர்களைப் பற்றிய செய்தி பிறகு அங்கே போய்ச் சேர, இருவரும் இறங்கி வருகிறார்கள். ஆனால் கிழவி விளக்கை மேலேயே எரியவிட்டு வருகிறாள். விருந்தின்போது தெரியும் ‘விண்மீன்’ அதுதான். மொத்தம் நான்கு பக்கம்.

அந்த நான்கு பக்கத்தை வெட்டியவன் நான். புத்தகம் 212 பக்கத்தில் நின்றது. அச்சகத்தில் ஒரு ஃபாரம் பதினாறு பக்கம்; பதின்மூன்று ஃபாரம் 208 பக்கம். நான்கு பக்கத்துக்காக இன்னும் அரை ஃபாரம் சேர்த்தால் விலை ஏறும் என்று பதிப்பகத்தில் தயங்கினார்கள். முடிவு நெருங்கும் நேரத்தில் கதையைப் பின்னுக்கு இழுக்கும் அத்தியாயம் என்று நான் ஒரு இலக்கியக் காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன். இப்படிப்பட்ட காரணங்கள் பக்கக் கணக்கு இடிக்கும் நாளில் மட்டும் எனக்கு எப்படியோ தோன்றிவிடுகின்றன.

வெட்டுவது தவறன்று. வெட்டிய பின் அந்தப் பகுதியைத் தாங்கி நின்ற மற்ற வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒரு பாத்திரப் பட்டியல் வைத்திருக்கிறேன்: யார், எந்த அத்தியாயத்தில் நுழைகிறார், கையில் என்ன இருக்கிறது, கடைசியாக எங்கே விடப்படுகிறார். ஆனால் அந்தப் பட்டியலைப் பெயர்களைக் கொண்டு தயாரிப்பதால், பெயரில்லாத பையன் அதில் ஏறவே இல்லை. கிழவியின் வரிசையில் ‘அத். 28 நீக்கம்’ என்று குறித்துவிட்டு, அவள் இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, அவள் அந்த நாட்களெல்லாம் ஊரிலேயே தங்கி நாயகியின் தாய்க்கு மருந்து கொடுத்தாள் என்று ஆசிரியரைக் கேட்டு ஒரு பத்தி எழுதி வாங்கினேன். விண்மீன் வரி மட்டும் யார் கண்ணிலும் படாமல் நின்றுவிட்டது. முன்பு இதமான குறிப்பாக இருந்த அந்த வரி, இருபத்தெட்டாம் அத்தியாயம் போன பிறகு, மறக்கப்பட்ட ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டும் வரியாக மாறியிருந்தது. நாங்கள் இருவரும் மெய்ப்புப் பார்த்தபோது அதை அழகான வரி என்று ரசித்திருக்கிறோம்.

பதில்

ஆசிரியர் எழுதிய முதல் பதில் அன்பானது. “அவனுக்கு என்ன ஆனது என்பதை உன் மனமே சொல்லும், நீயே எழுதிப் பார்” என்று அது முடிந்தது. அனுப்ப வேண்டாம் என்றேன். “ஏன் தம்பி, குழந்தைகளை எழுதத் தூண்டுவது நல்லதுதானே?” என்றார். நல்லதுதான். நார்னியா கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸிடம் சூசன் என்ற பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று பிள்ளைகள் கேட்டார்கள். 1957இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய பதிலில், நூல்கள் அதைச் சொல்லவில்லை, அவள் இவ்வுலகில் உயிரோடு விடப்படுகிறாள், மாறுவதற்கு அவளுக்கு நிறையக் காலம் இருக்கிறது என்றார். சில ஆண்டுகளுக்குப் பின் வேறொரு வாசகிக்கு, அந்தக் கதையைத் தம்மால் எழுத இயலாது, நீயே முயன்று பார் என்றும் எழுதினார். அங்கே அது நேர்மையான விடை. ஏனென்றால் சூசனை அவர் தெரிந்தே திறந்த நிலையில் விட்டிருந்தார். நாங்கள் விளக்குப் பையனைத் தெரிந்தே அப்படி விடவில்லை. மறந்துவிட்டு, அந்த மறதியை வாசகரின் கற்பனைச் சுதந்திரம் என்று திருப்பிக் கொடுத்தால், “நடந்தது வேண்டும்” என்று தெளிவாக எழுதிய பிள்ளை அதைக் கண்டுகொள்வாள் என்று எனக்குத் தோன்றியது.

தமிழில் இதற்கு வேறொரு முன்மாதிரி உண்டு. பொன்னியின் செல்வன் 1954இல் தொடராக முடிந்தபோது, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதினார். அது வரலாற்றுப் புதினம் என்பதால் கதை நின்ற இடத்துக்கு அப்பாலும் அவருக்குச் சோழ வரலாறு கைகொடுத்தது. மாயப் புதினத்துக்கு அப்படி ஒரு பின்புலம் இல்லை. அச்சான 208 பக்கமே அதன் வரலாறு, கல்வெட்டு எல்லாம்.

அப்படியானால் வெட்டிய அத்தியாயத்தையே படியெடுத்து அனுப்பிவிடலாமா? ஆசிரியருக்கு அதில் விருப்பம் இருந்தது. ஆனால் அச்சான புத்தகத்தில் கிழவி ஊரை விட்டு நகரவே இல்லை. வெட்டிய அத்தியாயத்தை உண்மை என்று கொண்டால், அச்சான அத்தியாயம் பொய்யாகும். ஆசிரியர் பின்னாளில் கடிதத்தில் சொல்லும் ஒன்று அச்சான வரியோடு மோதினால் வாசகர்கள் அச்சான வரியைத்தான் நம்புவார்கள், நம்பவும் வேண்டும். ஆகவே எண்ணெய் கொண்டு போனவரை அச்சான பக்கங்களுக்குள்ளேயே தேட வேண்டியிருந்தது.

ஆசிரியரும் நானும் கோத்தகிரியில் அவர் வீட்டில் ஒரு முழுநாள் உட்கார்ந்து, கணவாயைக் கடக்கக் காரணமுள்ள எல்லோரையும் எழுதிப் பார்த்தோம். அதிகம் பேர் இல்லை. கடைசியில் நான்காம் அத்தியாயத்தில் ஓர் உப்பு வணிகர் அகப்பட்டார். கோவேறு கழுதைகளோடு அவர் அஷ்டமிதோறும் கணவாயைக் கடப்பவர். ஒரு பட்சம் இப்பக்கம், அடுத்த பட்சம் அப்பக்கம். உப்போடு விளக்கெண்ணெயும் விற்பவர் என்று அதே பத்தியில் இருந்தது. ஊரின் சந்தையை வருணிக்கும் ஆசையில் எழுதிய பத்தி அது, வேறு நோக்கமே இல்லை என்று ஆசிரியர் சொன்னார். கணக்குப் போட்டோம். அமாவாசையிலிருந்து வளர்பிறை அஷ்டமி எட்டாம் நாள். பையனுடைய எண்ணெய் தீர்வதும் அன்றுதான். அன்று வணிகர் அவனிடம் இரண்டு படி கொடுத்திருந்தால் இருபத்துநான்காம் நாள் வரை வரும். தேய்பிறை அஷ்டமியில், அதாவது இருபத்துமூன்றாம் நாள், அவர் மறுபடியும் கணவாய்க்கு வருகிறார். அச்சான புத்தகத்தின் எந்த வரியும் இதற்குக் குறுக்கே வரவில்லை. பத்தொன்பதாம் நாள் விருந்தில் தெரிந்த வெளிச்சமும் அப்படியே நிற்கிறது.

ஒரு குறை மட்டும் இருந்தது. தேய்பிறை அஷ்டமியில் வணிகர் திரும்பி வருவது கணவாயின் அப்பக்கத்திலிருந்து. ஊர்ச் செய்தி அவருக்கு எப்படித் தெரியும்? ஆற்றுவழியே வந்தவர்கள் கரையிலுள்ள ஒரு துறையில் இரவு தங்கியதும், அங்கே தங்கள் கதையைச் சொன்னதும் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் இருக்கின்றன. அந்தத் துறை அப்பக்கச் சந்தைக்கு அருகில் என்று வரைபடப் பக்கம் காட்டுகிறது. வரைபடத்தை இவ்வளவு நம்பியது கொஞ்சம் துணிச்சல்தான்; அதை வரைந்தவரிடம் நாங்கள் தொலைவுகளைச் சொல்லியதே இல்லை.

ஆசிரியரின் இறுதிப் பதில் இரண்டு பக்கம் வந்தது. முதல் பத்தியிலேயே, “நீ கேட்டதை நாங்கள் மறந்துவிட்டோம் மகளே, ஓர் அத்தியாயத்தை எடுத்தபோது அந்தப் பையனும் அதோடு போய்விட்டான்” என்று ஒப்புக்கொண்டார். பயணம் பத்தொன்பது நாள் என்பதையும் அது விண்மீன் அன்று என்பதையும் ஏற்றுக்கொண்டார். பிறகு உப்பு வணிகரின் கணக்கைப் பக்க எண்களோடு எழுதி, விளக்கில் திரி சில நாழிகைக்கு ஒருமுறை தூண்டினால் போதும் என்பதால் பையன் விட்டு விட்டுத் தூங்கியிருக்க முடியும் என்றும், நாயகியும் கூட்டாளிகளும் ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவன் நான்கு இரவுகள் மேலே தனியாக இருந்தான் என்றும் சொன்னார். அந்த நான்கு இரவுகளை நீக்கிவிடலாமா என்று ஆசிரியர் மிகவும் தடுமாறினார். நீக்க வேண்டுமானால் விருந்தில் யாராவது அவனை நினைத்திருக்க வேண்டும். அச்சான பக்கத்தில் எவரும் நினைக்கவில்லை. அவன் இறங்கி வந்த பிறகு என்ன ஆனான் என்பதைப் பற்றி மட்டும், “அது எனக்கு இன்னும் தெரியாது” என்று எழுதினார். இங்கே அந்த விடை பொருத்தம் என்று நினைக்கிறேன், ஏனெனில் அது உண்மை.

மறுபதிப்பில் கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று வரிக்கு இடம் இருந்தது. விண்மீன் வரியைத் தொடாமல், அதன் கீழ் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தோம்: “தேய்பிறை அஷ்டமியன்று உப்பு வணிகர் கணவாய்க்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.” பக்கம் 208ஐத் தாண்டவில்லை. என் பாத்திரப் பட்டியலில் இப்போது பெயரில்லாதவர்களுக்கென்று தனி ஏடு ஒன்று இருக்கிறது. கையில் ஏதாவது ஒப்படைக்கப்பட்ட எவரும் அதில் ஏறுவார்கள்.

சிறுமியிடமிருந்து மூன்று வாரம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்ததாகவும் சரியாக வருவதாகவும் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, “ஆனால் உப்பு வணிகர் இரண்டு படி எண்ணெய்க்குக் காசு கேட்டிருப்பாரே, அவனிடம் ஏது காசு?” என்றிருந்தது. நான்காம் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் யாருக்கும் கடன் கொடுப்பதில்லை என்று ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. ஆசிரியர் இன்னும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.